சுருட்டை முடி: ஈரத்தில் ஒரு நீளம், காய்ந்தால் ஒரு நீளம்

பியூட்டி பார்லரில் ஹேர்கட்டுக்கு உட்கார்ந்ததும் கழுத்தைச் சுற்றித் துணி கட்டுவார்கள். அடுத்தது தண்ணீர் ஸ்ப்ரே. புஸ் புஸ் என்று பத்து தரம் அடித்துச் சீப்பால் மேலிருந்து கீழே இழுத்து வாரினால், எப்பேர்ப்பட்ட சுருட்டை முடியும் படிந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

"எவ்வளவு கட் பண்ணணும்மா?"

"தோள் வரைக்கும் இருக்கட்டும்க்கா."

தோளுக்கு நேராகக் கத்தரி ஓடுகிறது. கண்ணாடியில் பார்த்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருக்கிறது. வீட்டுக்கு வந்து தலை காய்ந்த பிறகுதான் விஷயம் புரிகிறது. தோளில் இருந்த முடி காது மடலுக்குக் கீழே ஏறி நிற்கிறது. உச்சி சப்பென்று படிந்து, பக்கங்கள் இரண்டும் விரிந்து, முகத்தைச் சுற்றி ஒரு முக்கோணம். மறுநாள் போய்க் கேட்டால் பார்லர்க்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். தோள் வரை கேட்டார்கள், தோள் வரைதான் வெட்டினேன் என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை. அவர் வெட்டியபோது அது தோள் வரைதான் இருந்தது.

சுருட்டை முடிக்கு ஈரத்தில் ஒரு நீளம், காய்ந்தால் ஒரு நீளம். எந்த நீளத்தைப் பார்த்துக் கத்தரி வைப்பது என்பதில் உலகத்துச் சிகை அலங்காரக் கலைஞர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். நனைத்து வெட்டுவது ஒரு கட்சி. காய்ந்து சுருண்டிருக்கும்போதே வெட்டுவது மறு கட்சி. அதற்குப் பெயர் டிரை கட்.

இரண்டு கட்சிக்கும் பெயர் வாங்கித் தந்தது ஒரே ஊர், நியூயார்க். 1984இல் அங்கே வீடாத் என்ற பெண்மணி சுருட்டை முடிக்கென்றே ஒரு சலூன் தொடங்கினார். அவருடைய முறை ஈர முடியில் நடப்பது. நுனியை மட்டும் வெட்டாமல், கற்றைகளின் உள்ளே வளைவாகச் சீவிச் சீவி எடுத்து, ஒரு சுருளின் பள்ளத்தில் இன்னொரு சுருள் வந்து பொருந்தும்படி கனத்தைக் குறைப்பார். பத்தாண்டு கழித்து, 1994இல், அதே நகரத்தில் லொரைன் மாஸி என்ற இங்கிலாந்துப் பெண்மணி, டெனிஸ் டசில்வாவுடன் சேர்ந்து தேவாசான் என்ற சலூனைத் திறந்தார். அங்கே தண்ணீர் கடைசியில்தான் வரும். வாடிக்கையாளர் எப்படி நடந்து வந்தாரோ அப்படியே, காய்ந்த முடியில், ஒவ்வொரு சுருளாகக் கையில் எடுத்து வெட்டுவார்கள். 2001இல் மாஸி எழுதிய சுருட்டை முடிப் புத்தகம் பரவிய பிறகு, டிரை கட் என்பது பல நாடுகளில் பெண்கள் கேட்டு வாங்கும் ஒன்றாகிவிட்டது. ஒரே ஊரில், ஒரே வகை முடிக்கு, நேர் எதிரான இரண்டு முறைகள். இரண்டிலும் நல்ல ஹேர்கட் வாங்கி மகிழ்ந்து போனவர்கள் உண்டு. அப்படியானால் ஈரமா காய்ந்ததா என்ற சண்டைக்கு அடியில் வேறு ஏதோ இருக்கவேண்டும்.

அதைப் பார்க்க முடியின் கணக்குக்குள் கொஞ்சம் போகவேண்டும்.

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கும் பிணைப்புகளில் ஒரு வகை ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் பட்டால் இது அவிழும், காய்ந்தால் மறுபடி கட்டிக்கொள்ளும். தலையை நனைத்துப் பின்னிப் போட்டுக் காலையில் அவிழ்த்தால் முடி அலை அலையாக நிற்பது இதனால்தான். நனைந்த முடி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வெளியே ஒட்டியிருக்கும் தண்ணீர் தனி. பிணைப்பு தளர்ந்திருக்கும் நேரத்தில் இந்தப் பாரமும், சீப்பின் இழுவையும் சேர்ந்து சுருளைத் திறந்துவிடுகின்றன. முடி இழையே நீண்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஈரத்தால் இழை நீளுவது மிகச் சொற்பம். நீண்டது சுருள்தான். பழைய லேண்ட்லைன் போனின் சுருள் வயரை இழுத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வயர் அதே வயர்தான், கை விட்டதும் மேலே ஓடிவிடும்.

எவ்வளவு மேலே ஓடும்? இதற்கு ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு பெண்ணின் உச்சியில் இருக்கும் சுருளை எடுத்துக்கொள்வோம். சுண்டுவிரலைவிடச் சற்று மெலிந்த பருமன், குறுக்களவு 0.4 இன்ச். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 0.8 இன்ச். இந்த ஒரு சுற்றை நிமிர்த்தினால் ஏறத்தாழ ஒன்றரை இன்ச் முடி வரும். அதே தலையில், பிடரிப் பக்கம் முடி தளர்வாகச் சுருண்டிருக்கிறது. பருமன் அதேதான், இடைவெளி மட்டும் இரண்டு மடங்கு, 1.6 இன்ச். அங்கே ஒரு சுற்றில் இருப்பது இரண்டு இன்ச் முடி.

இப்போது இரண்டு இடத்து முடியையும் நனைத்து, இழுத்து நிமிர்த்தி, சரியாக 8 இன்ச்சில் வெட்டுகிறார் ஸ்டைலிஸ்ட். கணக்குப்படி நியாயமான வெட்டு. காய்ந்ததும் பிடரிச் சுருள் ஆறே கால் இன்ச்சில் தொங்குகிறது. உச்சிச் சுருள் நாலே கால் இன்ச்சில் நின்றுவிடுகிறது. ஒரே நீளத்தில் வெட்டிய முடிகளுக்குள் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இரண்டு இன்ச்! நிஜத்தில் சீப்பு முடியை முழுக்க நிமிர்த்துவதில்லை, அதனால் வித்தியாசம் சற்றுக் குறையலாம். ஆனால் ஒரு தலையில் இரண்டு வகைச் சுருளோடு நிற்காது. நெற்றியோரம் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று, உச்சியில் ஒன்று, பிடரியில் ஒன்று என்று நாலு விதம் இருப்பதும் சகஜம்.

ஈரத்தில் வெட்டுவதன் உண்மையான சிக்கல் இதுதான். முடி சுருங்குவது பிரச்சினையில்லை. தலை முழுக்க ஒரே மாதிரி சுருங்கினால், ஒரு கையளவு விட்டு வெட்டிவிடலாம். இடத்துக்கு இடம் வேறு வேறு அளவில் சுருங்குவதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. நனைத்துச் சீவியதும் அந்த வேறுபாடு எல்லாம் மறைந்து, தலை முழுக்க ஒரே ஜாதி முடிபோலத் தெரிகிறது.

இன்னொரு கோணத்திலும் இந்தக் கணக்கு உதவும். சுருட்டை முடிக்காரர்கள் அடிக்கடி சொல்லும் குறை, "ரெண்டு இன்ச் சொன்னேன், நாலு இன்ச் வெட்டிட்டாங்க" என்பது. உச்சிச் சுருளை நனைத்து நிமிர்த்தி இரண்டு இன்ச் எடுத்தால், காய்ந்த பிறகு கண்ணுக்குக் குறையவேண்டியது ஒரு இன்ச்சுக்குச் சற்று மேல்தான். அப்படியிருந்தும் அதிகம் போனதாகத் தோன்றுவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, கீழே இழுத்துக்கொண்டிருந்த பாரம் குறைந்ததும் மிச்சமிருக்கும் முடி முன்பைவிட இறுகிச் சுருளும். இரண்டாவது, நிறையப் பேர் இன்ச் கணக்கே சொல்வதில்லை. "தோள் வரைக்கும்", "புருவம் வரைக்கும்" என்று இடத்தைச் சொல்கிறார்கள். ஈர முடியில் அந்த இடத்தைக் குறித்து வெட்டினால், காய்ந்ததும் அது அந்த இடத்தில் இருக்க வாய்ப்பே இல்லை. நெற்றி முடியில் இது மிகக் கொடுமை. ஈரத்தில் புருவத்தைத் தொட்ட ஃபிரின்ஜ், காய்ந்ததும் நடு நெற்றியில் பூனை மீசைபோல் நிற்கும்.

டிரை கட்டில் ஆபத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது. இதை அதன் ஆதரவாளர்கள் அதிகம் சொல்வதில்லை. காய்ந்த உச்சிச் சுருளில் கண்ணுக்குத் தெரிகிற இரண்டு இன்ச்சை வெட்டினால், உண்மையில் போவது ஏறத்தாழ மூன்றே முக்கால் இன்ச் முடி. தலைமுடி மாதத்துக்குச் சுமார் அரை இன்ச் வளரும். ஆக, ஏழு மாதத்துக்கு மேலான வளர்ச்சி ஒரு கத்தரிப்பில் காலி. அதனால்தான் இதில் கை தேர்ந்தவர்கள் இன்ச்சை விட்டுவிட்டுச் சுற்றுக் கணக்கில் பேசுகிறார்கள். நுனியில் பாதிச் சுற்று எடுக்கலாமா, ஒரு சுற்று எடுக்கலாமா? நம் கணக்கில் உச்சியில் ஒரு சுற்று என்றால் மூன்று மாத வளர்ச்சி. பார்லரில் பேசுவதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடையாது. இரண்டு பேரும் ஒரே சுருளைக் கண்ணால் பார்த்துப் பேச முடிகிறது.

நனைத்து வெட்டும் வழக்கம் சும்மா வந்துவிடவில்லை. லண்டனில் விடால் சசூன் 1960களில் கொண்டுவந்த புரட்சிதான் இன்றைய சலூன்களின் இலக்கணம். 1963இல் நடிகை நான்சி க்வானுக்கு அவர் வெட்டிய பாப் கட் உலகப் புகழ் பெற்றது. கட்டடக் கலைபோல, தலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முடியைச் சீப்பால் இழுத்துப் பிடித்து, கோணம் பார்த்து வெட்டும் முறை அது. ஈர முடி சொன்ன பேச்சுக் கேட்கும்; வகிடு கலையாது; கோடு கோடாகத் தெரியும்; வேலையும் சீக்கிரம் முடியும். நீட்டு முடிக்கு இதைவிடத் துல்லியமான முறை வேண்டியதில்லை. உலகம் முழுக்க அழகுக்கலைப் பள்ளிகள் இதைத்தான் பாடமாக்கின. சுருட்டை முடி அந்தப் பாடத்தின் ஓரத்தில்கூட வரவில்லை. பிரிட்டனில் எல்லாச் சிகை அலங்காரக் கலைஞர்களும் ஆப்பிரிக்கச் சுருள் முடி உட்பட எல்லா வகை முடியிலும் வேலை செய்யக் கற்றிருக்கவேண்டும் என்று தேசியத் தொழில் தரநிலையைத் திருத்தியதே 2021இல்தான். நியூயார்க் மாநிலம் அழகுக்கலைப் பள்ளிகளில் இதைப் பாடமாக்கச் சட்டம் போட்டது 2023இல். நம் தெருமுனைப் பார்லர் அக்காவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, டிரை கட் எப்படித்தான் நடக்கிறது?

முதலில், வருகிறவர் தலைக்குக் குளித்து, வழக்கமாகப் போடும் கண்டிஷனரோ ஜெல்லோ போட்டு, முடியைத் தானாகக் காயவிட்டு, விரித்துப்போட்டபடி வரவேண்டும். எண்ணெய் கூடாது. கிளிப், ரப்பர் பேண்ட், பின்னல் எதுவும் கூடாது. காய்ந்த பிறகு சீப்பே தொட்டிருக்கக் கூடாது. ஸ்டைலிஸ்ட் முதல் பத்து நிமிடம் கத்தரியையே எடுக்கமாட்டார். சுற்றி வந்து பார்ப்பார். அங்கங்கே ஒரு சுருளைப் பிடித்து இழுத்து, விட்டு, அது எவ்வளவு தூரம் துள்ளி ஏறுகிறது என்று பார்ப்பார். பிறகு ஒவ்வொரு சுருளாக, அது இயல்பாக விழும் இடத்திலேயே பிடித்து, இழுக்காமல், நுனி வளையும் இடம் பார்த்து வெட்டுவார். அந்த வளைவின் போக்கிலேயே வெட்டினால் நுனி உள்ளே மடங்கும். நடுவில் வெட்டினால் வெளியே குத்திக்கொண்டு நிற்கும். வெட்டி முடித்ததும் தலையை அலசி, மறுபடி காயவைத்து, எங்காவது ஒரு சுருள் துருத்திக்கொண்டிருந்தால் அதைச் சரிசெய்வார். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆகும். சாதாரண ட்ரிம்மைவிடப் பணமும் கூடத்தான்.

இந்தக் கடைசி அலசல்தான் பாதி இடங்களில் விடுபட்டுப்போகிறது. அது இல்லாத டிரை கட் அரைகுறை வேலை. ராத்திரி ஒருக்களித்துப் படுத்ததில் ஒரு பக்கச் சுருள் நசுங்கித் தளர்ந்திருக்கும். தளர்ந்த சுருள் நீளமாகத் தெரியும். மறுபக்கத்தோடு சமமாக்க அதை வெட்டிவிட்டால், அடுத்த குளியலில் அது துள்ளி எழுந்து, ஒரு பக்கம் குட்டையாகிவிடும். காய்ந்த முடியைப் பார்த்து வெட்டுகிறோம் என்ற தைரியம் அன்றைக்கு அந்த முடி எந்த நிலையில் இருந்தது என்பதைப் பொறுத்தது. எண்ணெய் வைத்துப் பின்னி, அவிழ்த்துக்கொண்டு வந்த தலையில் தண்ணீர் படாமல் வெட்டினால் அதுவும் டிரை கட் ஆகிவிடாது. அந்த முடியில் தெரிவது பின்னலின் வடிவம்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. சுருட்டை முடியை ப்ளோ டிரை போட்டோ அயர்ன் போட்டோ நீட்டி, அதற்குப் பிறகு வெட்டுவது. வெட்டும்போது முடி காய்ந்திருப்பதால் இதையும் சில இடங்களில் டிரை கட் என்றே சொல்கிறார்கள். தினமும் நீட்டியே வைத்துக்கொள்பவருக்கு இது சரி. சுருளாக விடப்போகிறவருக்கு இரண்டு முறைகளின் குறைகளும் சேர்ந்து கிடைக்கும். முடி ஈரத்தைவிட அதிகமாக நிமிர்ந்திருக்கும். எந்தச் சுருள் எங்கே விழும் என்று வெட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

ஈரத்துக்கும் சாதகமாகச் சொல்ல நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டில் இன்னும் எத்தனையோ பெண்கள் சுருட்டை முடியைப் பின்னியோ கொண்டை போட்டோதான் வைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் பின்னலின் நுனி சீராக இருந்தால் போதும். ஸ்ப்ரே அடித்து யூ கட்டோ வி கட்டோ போடுவதில் ஒரு குறையும் வராது. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து காசைக் கரைக்கத் தேவையில்லை. இடுப்பு வரை இருக்கும் முடியைக் கழுத்து வரை கொண்டுவருபவர்களுக்கும் முதல் பெரிய வெட்டை ஈரத்தில் முடிப்பது வசதி. அலைபோல் லேசாக வளையும் முடிக்கு ஈரத்துக்கும் காய்ந்ததற்கும் அவ்வளவு வித்தியாசம் வராது.

ஈரம் மட்டுமே காட்டிக்கொடுக்கும் விஷயமும் ஒன்று உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் ஸ்ட்ரெய்ட்டனிங் செய்துவிட்டு இப்போது சுருளை வளர்க்கிறவர்களின் தலையில் மேல்பாதி சுருள், கீழ்ப்பாதி நீட்டு. காய்ந்திருக்கும்போது இரண்டும் கலந்து பரட்டையாகத் தெரியும். நனைத்தால் எந்த இடத்தில் சுருள் முடிந்து செத்த நீட்டு தொடங்குகிறது என்பது தெளிவாகத் தெரியும். எங்கே வெட்டவேண்டும் என்பதை அங்கே ஈரம்தான் சொல்லும்.

நல்ல ஸ்டைலிஸ்டுகள் பலர் இரண்டையும் கலக்கிறார்கள். அடிப்படை வடிவத்தை ஈரத்தில் சற்றுத் தாராளமாக விட்டு வெட்டி, காயவைத்து, முகத்தைச் சுற்றியும் உச்சியிலும் நெற்றியிலும் சுருள் பார்த்து முடிக்கிறார்கள். முடியை விரித்து விடுகிற, தலையில் பலவிதச் சுருள் உள்ள ஒருவருக்கு, கடைசி வெட்டு காய்ந்த முடியில் விழுந்தே ஆகவேண்டும். முதல் வெட்டு எதில் விழுந்தது என்பது அவ்வளவு முக்கியமில்லை.

முக்கோணத் தலைக்கும் ஈரத்தின்மேல் மட்டும் பழி போடமுடியாது. சுருட்டை முடியை லேயர் இல்லாமல் ஒரே நீளத்தில் வெட்டினால், ஈரமோ காய்ந்ததோ, நீளத்தின் பாரம் உச்சியை அமுக்கும். கீழே சுருள்கள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு வெளியே விரியும். அதைச் சரிசெய்கிறேன் என்று பல இடங்களில் பல்லுப் பல்லாக இருக்கும் தின்னிங் கத்தரியை எடுக்கிறார்கள். நீட்டு முடியில் அடர்த்தியைக் குறைக்க அது உதவும். சுருளுக்குள் அது குட்டையும் நெட்டையுமாக நூற்றுக்கணக்கான இழைகளை உண்டாக்கிவிடும். குட்டை இழைகள் தன் சுருளோடு சேர்ந்து சுற்றாமல் தனியே எழுந்து நிற்கும். அன்றைக்கு ஜெல் போட்டு அனுப்பும்போது தெரியாது. மூன்று வாரம் கழித்துத் தலை முழுக்கப் பஞ்சு பறக்கும்.

இவ்வளவையும் பார்லர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு விளக்கமுடியாது. தேவையும் இல்லை. போன் பண்ணி அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே ஒரு கேள்வியில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

"எனக்குச் சுருட்டை முடிங்க. வரும்போது முடியை எப்படி வச்சுக்கிட்டு வரணும்?"

"தலைக்குக் குளிச்சு, எண்ணெய் வைக்காம, காயவச்சு, விரிச்சுப் போட்டுட்டு வாங்க" என்று பதில் வந்தால், எதிர்ப்பக்கம் இருப்பவருக்குச் சுருளைப் பார்த்து வெட்டத் தெரியும் என்று நம்பலாம். "எப்படி வேணா வாங்கம்மா, நாங்க தண்ணி அடிச்சுக்குவோம்" என்றால் அது ஈர வெட்டு. அதனாலேயே வேண்டாம் என்று வைத்துவிடவேண்டியதில்லை. அடுத்த கேள்வியை நேரில் கேட்கலாம்: "நனைச்சு வெட்டினா, காஞ்சதும் ஏறிக்குமே, அதுக்கு எவ்வளவு விடுவீங்க?" இதற்கு ஒரு இன்ச், இரண்டு இன்ச் என்று டக்கென்று ஒரு எண்ணைச் சொல்பவரைவிட, பேசாமல் ஒரு சுருளை இழுத்து விட்டுப் பார்க்கிறவர் மேல். நாலு இடத்தில் இழுத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. சுருக்கம் இடத்துக்கு இடம் மாறும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

டிரை கட் செய்வதாகச் சொல்லும் இடத்தில் கேட்கவேண்டியது வேறு. வெட்டுவதற்கு முன்னால் ப்ளோ டிரை போட்டு நீட்டுவார்களா? வெட்டிய பிறகு அலசிக் காயவைத்து மறுபடி பார்ப்பார்களா, அதற்குத் தனிக் காசா? சுருட்டை முடியைக் காயவைக்க டிரையர் மூக்கில் மாட்டும் அகலமான சல்லடை மூடி, டிஃப்யூசர், அந்தக் கடையில் இருக்கிறதா? அது கிடந்து தூசி படிந்திருந்தால் அதுவும் ஒரு பதில்தான். தின்னிங் கத்தரி, ரேசர் இரண்டும் வேண்டாம் என்பதைக் கேள்வியாக வைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வெட்டு நடக்கும்போது சொன்னால் கேட்காது.

அவர்கள் முன்பு வெட்டிய தலைகளின் போட்டோவைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பார்க்கவேண்டியது சுருளாகவே இருக்கும் தலைகளை. வெட்டிவிட்டு, அயர்னால் பெரிய அலை சுருட்டி எடுத்த படங்கள் எல்லோர் போனிலும் இருக்கும். அவை அழகாகவும் இருக்கும். அந்த வெட்டு வீட்டுக் குளியலுக்குத் தாங்குமா என்பதை அவை காட்டாது.

வாடிக்கையாளர் சொல்லவேண்டியதும் இருக்கிறது. வாரத்தில் எத்தனை நாள் முடியை விரித்து விடுகிறார், எத்தனை நாள் கட்டுகிறார், வகிடு எந்தப் பக்கம், கல்யாணம் காட்சி என்றால் நீட்டிக்கொள்கிற பழக்கம் உண்டா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். டிரை கட்டில் ஒவ்வொரு சுருளும் அதன் துள்ளலுக்கு ஏற்ப வேறு வேறு நீளத்தில் வெட்டப்படுகிறது. அதே முடியை ஒருநாள் அயர்ன் போட்டு நீட்டினால் அடிவரிசை எலி கடித்ததுபோல் ஏறி இறங்கித் தெரியும். அது வெட்டியவரின் தவறு ஆகாது. மாதம் நாலு நாள் நீட்டுகிறவர் அதை முதலிலேயே சொன்னால், இரண்டுக்கும் ஓரளவு பொருந்தும்படி ஈரத்தில் வெட்டித் தரமுடியும்.

நீளத்தைச் சொல்லும்போது விரலை முதுகில் வைத்துக் காட்டுவதைவிட, முகத்துக்கு முன்னால் விழும் ஒரு காய்ந்த சுருளை இழுக்காமல் பிடித்து, "காஞ்சு இருக்கும்போது இது இங்க வந்து நிக்கணும், இதுல அரைச் சுத்துக்கு மேல எடுக்காதீங்க" என்று சொல்வது நல்லது. ஸ்ப்ரே பாட்டில் வருவதற்குள் சொல்லிவிடவேண்டும். நனைந்த பிறகு காட்டுவதற்கு அந்தச் சுருள் இருக்காது.

வெட்டி முடித்துக் கண்ணாடியில் காட்டும்போது பாதி ஈரத்தில் எல்லாமே சரியாகத்தான் தெரியும். தீர்ப்புச் சொல்ல வேண்டியது வீட்டில் முதல் தடவை தலைக்குக் குளித்து, வழக்கம்போல் காயவிட்ட பிறகு. ஒரு பக்கம் நீளமாக நின்றாலோ, பக்கங்களில் கனம் தேங்கியிருந்தாலோ, போட்டோ எடுத்துக்கொண்டு அதே வாரத்தில் திரும்பப் போய்க் காட்டலாம். பத்து நிமிட வேலையில் சரியாகிவிடும். குட்டையாகிப்போனதற்கு மட்டும் எந்தப் பார்லரிலும் வைத்தியம் இல்லை. உச்சியில் ஒரே ஒரு சுற்று கூடுதலாகப் போயிருந்தால், அது பழைய இடத்துக்கு வர மூன்று மாதம் ஆகும்.